கமிஷன் வேலையா, ஆள் சேர்க்கும் பிரமிடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் ஒருவர் "பகுதி நேர பிசினஸ்" என்று கூப்பிடுகிறார். இது உண்மையான வேலையா, பிரமிடா என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். "இன்றிலிருந்து யாருமே புதிதாகச் சேரவில்லை என்றால், ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு அடுத்த மாதம் பணம் எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள்.

உண்மையான விற்பனை வேலை என்றால் பதில் எளிது. வழக்கமாக வாங்கும் வாடிக்கையாளர்கள் அடுத்த மாதமும் வாங்குவார்கள், விற்றவருக்குக் கமிஷன் வரும். ஆள் சேர்ப்பு நின்றாலும் வியாபாரம் நிற்காது. பிரமிடில் இந்தக் கேள்விக்கு நேரான பதிலே இருக்காது. "ஏன் நெகட்டிவ்வாக யோசிக்கிறீர்கள்?", "முதலில் மீட்டிங்குக்கு வாருங்கள்" என்று பேச்சு வேறு பக்கம் போகும். உங்கள் நண்பர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் அவருக்கே இந்தக் கேள்வியை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர்கள் பொருள் தருகிறார்களே. பொருள் இருந்தால் அது எப்படிப் பிரமிடு ஆகும்?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வெறும் பணத்தை மட்டும் சுற்றவிடும் திட்டம் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் ஒரு பொருளை வைக்கிறார்கள். சத்து மாவு, சோப்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, ஆன்லைன் பாட வகுப்பு, சுற்றுலா கூப்பன் என எதுவாகவும் இருக்கலாம். பொருள் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. அதை யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சங்கிலியில் சேரும் எண்ணமே இல்லாத ஒருவர், வருமான ஆசை எதுவும் இல்லாமல், அந்த விலைக்கு அந்தப் பொருளை வாங்குவாரா? வாங்குவார், பிடித்துப்போய் மறுபடியும் வாங்குவார் என்றால் அது வியாபாரம். வாங்குபவர் எல்லோரும் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள், உறுப்பினராக இருப்பதற்காகவே வாங்குகிறார்கள் என்றால், அந்த விலையில் பெரும்பகுதி பொருளுக்குக் கொடுப்பது அல்ல. சங்கிலியில் ஓர் இடத்துக்குக் கொடுக்கும் கட்டணம் அது.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அதே தரத்தில், அதே அளவில் வேறு நிறுவனத்தின் பொருள் வெளியே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். இங்கே விலை நான்கு மடங்கு என்றால், கூடுதலான அந்த மூன்று மடங்கு எங்கே போகிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் மேலே இருப்பவர்களின் கமிஷனாகத்தான் போகிறது.

"இரண்டே இரண்டு பேரைச் சேர்த்தால் போதும், மீதி தானாக நடக்கும்" என்று போர்டில் வரைந்து காட்டினார்கள். கணக்கு சரியாகத்தானே இருந்தது?

வரைந்த வரைக்கும் சரிதான். வரையாமல் விட்ட பகுதியில்தான் பிரச்சினை. அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, வெறும் எண்களாகவே வைத்துக்கொள்ளலாம்.

பைனரி திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேர 10,000 கட்டி ஒரு பேக்கேஜ் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் வெளியே 2,500 பெறும். உங்களுக்குக் கீழே இடது, வலது என்று இரண்டு கால்கள். நீங்கள் நேரடியாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் 1,000. இடதில் ஒருவர், வலதில் ஒருவர் என்று ஜோடி சேரும்போதெல்லாம் 2,000. இதை ஜோடி மேட்சிங் என்பார்கள்.

நீங்கள் இருவரைச் சேர்த்துவிட்டீர்கள். நேரடிச் சேர்ப்புக்கு 2,000, ஒரு ஜோடிக்கு 2,000, ஆக 4,000 வந்துவிட்டது. மீட்டிங்கில் கைதட்டல் கிடைக்கும் கட்டம் இது. ஆனால் நீங்கள் போட்டது 10,000. இன்னும் 6,000 குறைகிறது. அந்த இருவரும் ஆளுக்கு இருவரைச் சேர்த்தால் உங்களுக்குக் கீழே மொத்தம் 6 பேர், அதாவது 3 ஜோடி. இப்போது உங்கள் வரவு 8,000. இன்னும் கைக்காசு முழுதாகத் திரும்பவில்லை. அதற்கு இன்னொரு ஜோடி வேண்டும். இரண்டு கால்களிலும் சமமாக, மொத்தம் 8 பேர் கீழே வந்தால்தான் உங்கள் 10,000 திரும்பும்.

இனி உங்களை விட்டுவிட்டு மரம் முழுவதையும் பாருங்கள். எல்லோரும் சொன்னபடியே நடந்து, ஒருவர்கூடச் சோர்ந்துபோகாமல், ஒவ்வொருவரும் சரியாக இருவரைச் சேர்த்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 10 அடுக்கு வளர்ந்தால் மொத்தம் 1,023 பேர். கடைசி அடுக்கில் 512 பேர். இவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அதற்கு மேல் அடுக்கில் 256 பேர், ஆளுக்கு 2 பேர்தான் கீழே. அதற்கும் மேலே 128 பேர், ஆளுக்கு 6 பேர். 8 பேர் என்ற எல்லையை இந்த மூன்று அடுக்கில் ஒருவரும் தொடவில்லை. 512, 256, 128 மூன்றையும் கூட்டினால் 896. அதாவது 1,023 பேரில் 896 பேர், ஏறக்குறைய 88 சதவீதம், போட்ட பணத்தை எடுக்கவில்லை.

"பொருளுக்கும் மதிப்பு உண்டே" என்று கேட்டால், நியாயம்தான். அந்த 2,500ஐயும் வரவில் சேர்த்துவிடுவோம். அப்போது 6 பேர் வைத்திருக்கும் 128 பேரும் கையைக் கடிக்காமல் தப்பிவிடுவார்கள். ஆனாலும் கீழே இருக்கும் 768 பேருக்கு நட்டம்தான். நான்கில் மூன்று பேர்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பாதியில் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். திட்டம் மிகச் சிறப்பாக வேலை செய்தபோதே கிடைத்த விடை இது. "மரம் இன்னும் வளர்ந்தால் அவர்களுக்கும் வருமே" என்பார்கள். வரும். ஆனால் இன்னோர் அடுக்கு வளர்ந்தால் புதிதாக 1,024 பேர் அடியில் நிற்பார்கள். நட்டத்தில் இருப்பவர்களின் பெயர்கள் மாறும், பங்கு மாறாது. உண்மை வாழ்க்கையில் ஒரு கால் வளரும், இன்னொரு கால் வறண்டு கிடக்கும். ஜோடி சேராத ஆட்களுக்கு உங்களுக்குப் பணம் கிடையாது. அப்போது நிலைமை இதைவிட மோசம்.

"உழைக்காதவர்கள்தான் தோற்கிறார்கள்" என்ற பேச்சு எனக்கு ஆத்திரமூட்டுவது இதனால்தான். எட்டில் ஏழு பேர் தோற்பது மரத்தின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தோற்றவரிடம் போய் உன் உழைப்பு போதவில்லை என்று சொல்வது அவருடைய பணத்தோடு தன்மானத்தையும் சேர்த்துப் பறிப்பது.

எங்கள் திட்டத்தில் சேரும் கட்டணமே கிடையாது. மாதம் ஒருமுறை பொருள் வாங்கி ஐடியை ஆக்டிவாக வைத்திருந்தால் போதும். இது பாதுகாப்பானதுதானே?

கட்டணம் ஒரே தடவையாக இல்லாமல் மாதத் தவணையாக வருகிறது, அவ்வளவுதான். மாதம் 3,000க்கு வாங்கினால்தான் கமிஷனுக்குத் தகுதி என்று வையுங்கள். உங்களுக்குக் கீழே உள்ளவர்களின் கொள்முதலில் 5 சதவீதம் உங்களுக்கு. கீழே 20 பேர் இருந்து, எல்லோரும் தவறாமல் 3,000க்கு வாங்கினால் மொத்தம் 60,000. உங்கள் பங்கு 3,000. இருபது பேரைச் சேர்த்து, மாதாமாதம் அவர்களைத் துரத்தி வாங்க வைத்து, உங்கள் சொந்தக் கொள்முதலைத்தான் ஈடுகட்டியிருக்கிறீர்கள்.

வீட்டில் சீல் பிரிக்காத டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். தேவைக்கு வாங்குபவர் தீர்ந்த பிறகு வாங்குவார். மாதக் கடைசியில், பாயிண்ட் குறைகிறது என்பதற்காக அவசரமாக வாங்குபவர் தகுதிக்காக வாங்குகிறார்.

அப்படியானால் நெட்வொர்க் மார்க்கெட்டிங் எல்லாமே மோசடியா? பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நடத்துகின்றனவே.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கோடு எங்கே என்பதைப் பல வழக்குகள் தெளிவாக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் வர்த்தக ஒழுங்குமுறை அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1975இல் காஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில் ஒரு வரையறை தந்தது. பணம் கட்டுபவருக்குப் பொருளை விற்கும் உரிமையும், ஆள் சேர்த்தால் பரிசு பெறும் உரிமையும் கிடைத்து, அந்தப் பரிசுக்கும் கடைசி நுகர்வோருக்கு நடக்கும் விற்பனைக்கும் தொடர்பே இல்லையென்றால் அது பிரமிடு. இன்றுவரை அங்கே அளவுகோல் இதுதான்.

1979இல் ஆம்வே வழக்கில் அதே கமிஷன், அது பிரமிடு அல்ல என்று முடிவு செய்தது. அதற்குக் காரணமாக மூன்று விதிகளைக் காட்டியது. விலகுபவரின் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய சரக்கில் குறைந்தது 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும். மாதம் 10 சில்லறை வாடிக்கையாளர்களுக்காவது விற்றிருக்க வேண்டும். வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காக அதே தீர்ப்பில் அந்த நிறுவனத்தைக் கண்டிக்கவும் செய்தது. ஆகவே "ஆம்வே ஜெயித்தது, அதனால் எல்லாமே சட்டப்படி சரி" என்று மேடையில் யாராவது சொன்னால் அது பாதி உண்மை. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது, நடைமுறையில் இருக்க வேண்டும் என்று 1996இல் ஆம்னிட்ரிஷன் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

2016இல் ஹெர்பலைஃப் நிறுவனம் இதே கமிஷனுடன் 20 கோடி டாலர் கொடுத்து ஒரு சமரசத்துக்கு வந்தது. நிறுவனத்தைப் பிரமிடு என்று கமிஷன் அறிவிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அதன் திட்டத்தையே மாற்ற வைத்தது. விநியோகஸ்தர்களுக்குத் தரும் பணத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, பதிவு செய்து சரிபார்த்த சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. சாதாரண மனிதர்களுக்கும் இது நல்ல அளவுகோல். உங்களை அழைப்பவரிடம், போன மாதம் வந்த பணத்தில் எத்தனை பங்கு வெளி ஆட்களுக்கு விற்றதிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கம்பெனி பதிவுச் சான்றிதழ், வரி எண் எல்லாம் காட்டுகிறார்கள். அரசு அனுமதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒரு நிறுவனம் இருக்கிறது, வரி கட்டப் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் காகிதங்கள் எதுவும் சொல்லவில்லை. கமிஷன் திட்டத்தை யாரும் பரிசோதித்து முத்திரை குத்தவில்லை. பல நாடுகளில் பிரமிடுக்கு எதிராகத் தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் இருக்கின்றன. மலேசியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் 1978 சட்டம் நடத்துபவரை மட்டும் தடுக்கவில்லை, உறுப்பினராகச் சேர்வதையும் பங்கெடுப்பதையும்கூடத் தடுக்கிறது. ஆள் சேர்த்துக் கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே வருமானப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. சராசரி நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பலாமா?

பட்டியல் வெளியிடுவது நல்ல விஷயம்தான், ஆனால் அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முதலில், சராசரி யாரை வைத்துப் போட்டது? "ஆக்டிவ் உறுப்பினர்கள்" மட்டும் என்றால், அந்த ஆண்டில் வெறுங்கையோடு விலகியவர்கள் கணக்கிலேயே இல்லை. அடுத்து, 100 பேரில் ஒருவர் 5,00,000 வாங்கி, மற்ற 99 பேர் ஒன்றும் வாங்கவில்லை என்றாலும் சராசரி 5,000 என்று வரும். வரிசையின் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்கினார் என்பதே உங்களுக்கு வேண்டிய எண். கடைசியாக, அது செலவு போகும் முன் வந்த தொகை. மாதக் கொள்முதல், பயிற்சிக் கட்டணம், மீட்டிங் பயணம் எதையும் அதில் கழித்திருக்க மாட்டார்கள்.

மேடையில் காட்டும் காசோலைக்கும் இதே கேள்விதான். வரவைக் காட்டுகிறார், செலவையும் காட்டட்டும்.

அப்போ நேர்மையான கமிஷன் வேலை எப்படி இருக்கும்?

சுவாரசியம் குறைவாக இருக்கும். காப்பீட்டு முகவர், வீட்டு மனைத் தரகர், ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி என இவர்களை நினைத்துப் பாருங்கள். விற்பதற்காக நீங்களே மாதாமாதம் பொருளை வாங்க வேண்டியதில்லை. ஒரு விற்பனைக்கு இவ்வளவு, இந்தத் தேதியில் வரும், வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால் இவ்வளவு பிடிப்போம் என்று எழுத்தில் இருக்கும். எந்தப் பகுதியில் எத்தனை பேரை நியமிப்பது என்பதில் நிறுவனம் கவனமாக இருக்கும், ஏனென்றால் ஒரே தெருவில் பத்து முகவர்கள் இருந்தால் யாருக்கும் விற்பனை ஆகாது. பிரமிடுக்கு இந்தக் கவலை கிடையாது. அண்டைவீட்டுக்காரரை உங்கள் வாடிக்கையாளர் ஆக்குவதைவிட உங்களுக்குப் போட்டியாளர் ஆக்கத்தான் அது சொல்லும்.

நேர்மையான வேலையும் கஷ்டமானதாக இருக்கலாம். முதல் சில மாதம் ஒன்றுமே விற்காமல் போகலாம். அப்போது உங்களுக்குப் போவது நேரமும் அலைச்சலும். கடன் வாங்கிப் போட்ட முதல் போகாது.

ஒரு குழுவை மேற்பார்வை செய்து அவர்கள் விற்பனையில் சிறு பங்கு பெறுவதும் நேர்மையான நிறுவனங்களில் உண்டு. அந்தப் பங்கு குழு வெளியே விற்றதிலிருந்து வரும், குழுவில் ஆள் சேர்ந்ததற்காக வராது.

நான் ஏற்கனவே பணம் கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதல் வேலை, புதிதாக யாரையும் சேர்க்காமல் இருப்பது. "போட்டதை எடுத்துவிட்டு விலகிவிடலாம்" என்ற எண்ணம் வரும். மேலே போட்ட கணக்கில் உங்கள் 10,000 திரும்ப எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். அந்த எட்டுப் பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பணம் அவர்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். விலகும் கால அவகாசம், சரக்கைத் திருப்பி எடுக்கும் விதி இரண்டும் அதில் இருக்கலாம். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இன்றே பாருங்கள். பிரிக்காத பொருள்களைப் பிரிக்காமலே வையுங்கள், பிரித்ததைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். தானியங்கி மாத ஆர்டர் இருந்தால் நிறுத்துங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். விலகல் கடிதத்தை வாட்ஸ்அப்பில் உங்களைச் சேர்த்துவிட்ட அப்லைனுக்கு அனுப்புவதோடு நிற்காமல், நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், வருமானம் பற்றி அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். பணம் திரும்பவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் இந்த ஆதாரங்களோடுதான் போக வேண்டியிருக்கும்.

சங்கிலி அறுந்த பிறகு, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து நடக்கும் அடுத்த மோசடி அது.

நான் சேர்த்துவிட்ட நண்பர்களிடம் எப்படிச் சொல்வது? முகத்தில் முழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குச் செலவு ஏறுகிறது. குழுவில் பொதுவாகப் போடாமல் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "நான் விலகுகிறேன், கணக்கு போட்டுப் பார்த்தேன், நமக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட பணம் திரும்ப வராது" என்று சொல்லுங்கள். அவர்களுடைய விலகல் அவகாசம் எப்போது முடிகிறது என்பதை அதே அழைப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் மன்னிப்பைவிட அந்தத் தேதி அவர்களுக்கு அதிகம் உதவும். அவர்கள் சேர்ந்ததால் உங்களுக்கு வந்த கமிஷன் எவ்வளவு என்பதை மறைக்க வேண்டாம். முடிந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள், சிறுகச் சிறுக என்றாலும் சரி.

சிலர் கோபப்படுவார்கள். சிலர் உங்களை நம்பாமல் உள்ளேயே இருந்து ஆள் சேர்ப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். 1,023 பேர் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய சொந்தத் திட்டத்தின் எண்களை அதே இடத்தில் நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.